ஒன் மார்க்கைக் காட்டச் சொன்ன நண்பனும் கட்ஆஃப் கணக்கும்

பிளஸ் டூ பொதுத்தேர்வில் யாருக்குப் பின்னால் யார் உட்காருவார் என்பது தேர்வன்று காலையில்தான் தெரியவரும் ரகசியம் இல்லை. பள்ளியிலிருந்து பெயர்ப்பட்டியல் போகும்போதே வரிசை விழுந்துவிடும், பதிவெண்ணும் பெரும்பாலும் அந்த வரிசையிலேயே வரும். ஓர் அறைக்கு 20 பேர். ஒரே குரூப்பில் படிக்கிற, ஒரே எழுத்தில் பெயர் தொடங்குகிற இருவருக்கு ஹால் டிக்கெட் கைக்கு வந்த அன்றே தெரிந்துவிடும், நாம் முன்னும் பின்னும்தான் என்று. என் நண்பன் கேட்டதும் அன்றைக்குத்தான். "மச்சான், மேத்ஸ்ல ஒன் மார்க் மட்டும் காட்டுடா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

நான் முடியாது என்றேன். நெருங்கிய நண்பன் என்பதால் அந்த 'முடியாது' லேசில் வரவில்லை, சொன்ன பிறகும் லேசாக இல்லை. அதற்கு முன்னும் பின்னும் மனசுக்குள் நடந்த வாதத்தில் கதையைவிடக் கணக்குதான் அதிகம். கேட்பவர்களுக்கும் கேட்கப்படுபவர்களுக்கும் அந்தக் கணக்குதான் பயன்படும் என்பதால் அதையே எழுதுகிறேன்.

முதலில், கேட்கப்படுவது என்ன என்று பார்க்க வேண்டும். 'ஒன் மார்க் மட்டும்' என்பதில் அந்த 'மட்டும்' ஏமாற்றுகிற சொல். கணித வினாத்தாள் 90 மதிப்பெண்ணுக்கு, அகமதிப்பீடு 10. அந்த 90-இல் ஒரு மதிப்பெண் வினாக்கள் 20, இரண்டு மதிப்பெண்ணில் 7 எழுத வேண்டும், மூன்றில் 7, ஐந்தில் 7. ஆக ஒன் மார்க் என்பது எழுத்துத் தேர்வில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும். அகமதிப்பீடு முழுதாக 10 கிடைத்தவனுக்கு எழுத்தில் 25 போதும். அதில் 20-ஐ முன்பெஞ்சிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்றால், அவன் கேட்பது கொசுறு இல்லை, ஏறக்குறைய தேர்ச்சியையே கேட்கிறான்.

காட்டுவது எப்படி நடக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கேள்வி எண்ணுக்கு ஒரு சைகை, விடைக்கு ஒன்றிலிருந்து நான்கு வரை விரல். அல்லது விடைத்தாளின் முதல் பக்கத்தைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி வைப்பது. கேட்பதற்கு எளிது, அறைக்குள் அப்படி இல்லை. விடைத்தாளில் விருப்பக் குறியீட்டையும் அதற்குரிய விடையையும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் மதிப்பெண் போய்விடும். வினாத்தாள் A, B என இரு வகையாக வந்துவிட்டால் முன்னால் இருப்பவனின் மூன்றாவது விருப்பம் பின்னால் இருப்பவனுக்கு வேறு கேள்வியின் மூன்றாவது விருப்பம். ஒரே வகையாக வந்தாலும், நடுவில் ஒரு சைகையைத் தவறவிட்டால் அடுத்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகும். எட்டாவது கேள்வியின் விடையை ஏழாவதில் எழுதிக்கொண்டே போனவனுக்கு, அது தப்பு என்று கண்டுபிடிக்கும் அளவுக்குப் பாடம் தெரிந்திருந்தால் அவன் கேட்டிருக்கவே மாட்டான்.

இதில் இன்னொன்றும் உண்டு. பொதுத்தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. தெரியாத கேள்விக்கு நான்கில் ஒன்றை எழுதிவைத்தாலே நான்கு கேள்விக்கு ஒன்று சராசரியாகச் சரியாகிவிடும். ஆகவே எட்டு விடை காட்டினால் அவனுக்கு எட்டும் லாபம் இல்லை, ஏறக்குறைய ஆறுதான். அந்த ஆறு மதிப்பெண்ணுக்காக இரண்டு பேருடைய தேர்வையும் பணயம் வைக்க வேண்டும். காட்டியவனுக்கும் பார்த்து எழுதியவனுக்கும் விதிமுறை பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. பறக்கும் படையோ அறைக் கண்காணிப்பாளரோ எழுதிக்கொடுத்துவிட்டால் தேர்வு ரத்திலிருந்து அடுத்தடுத்த தேர்வுகளுக்குத் தடை வரை போகலாம்.

ஆனால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தை என் காரணமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பயம் ஒரு காரணம் என்றால், பயம் இல்லாத அறையில் காட்டலாம் என்று ஆகிவிடும். கண்காணிப்பாளர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிற அறைகளும் இருக்கின்றன. அங்கேயும் காட்டக்கூடாதா என்பதுதான் உண்மையான கேள்வி.

அதற்கு விடை தேடப் போய்த்தான் கட்ஆஃப் கணக்கில் இறங்கினேன். தமிழ்நாட்டில் 2007-08 கல்வியாண்டிலிருந்து பொறியியல் சேர்க்கைக்குத் தனி நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே நுழைவுத் தேர்வு. கணிதம் முழுதாக 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டுத் தலா 50-க்கு, மொத்தம் 200-க்குக் கட்ஆஃப் போடுகிறார்கள். இதனால் கணிதத்தில் வாங்கும் ஒரு மதிப்பெண் கட்ஆஃபில் ஒரு முழு மதிப்பெண். இயற்பியலில் வாங்கும் ஒரு மதிப்பெண் அரை மதிப்பெண்தான். நண்பன் கேட்டது சரியாக அந்த விலை உயர்ந்த இடத்தில்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ஒருவன் சொந்தமாக எழுதினால் கணிதத்தில் 78, இயற்பியலில் 82, வேதியியலில் 84 வாங்கக்கூடியவன் என்று வைத்துக்கொள்வோம். கட்ஆஃப் 78 + 41 + 42 = 161. கணிதத்தில் அவனுக்குக் கடனாக நான்கு மதிப்பெண் கூடினால் 82, கட்ஆஃப் 165. இப்போது வேறொரு மாணவி: கணிதம் 84, இயற்பியல் 80, வேதியியல் 81. அவள் கட்ஆஃப் 84 + 40 + 40.5 = 164.5. கணிதத்தில் அவனைவிட ஆறு மதிப்பெண் கூடுதலாக வாங்கத் தகுதியுள்ளவள், தரவரிசையில் அவனுக்குப் பின்னால் போய்விட்டாள். இன்னொருவனும் இருக்கிறான்: கணிதம் 81, இயற்பியல் 84, வேதியியல் 84. கட்ஆஃப் 81 + 42 + 42, அதுவும் 165. சமமாக வந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள், பிறகு இயற்பியல், அப்படியே போய்க் கடைசியில் பிறந்த தேதி, ரேண்டம் எண். 82 பெரியதா 81 பெரியதா என்று பார்த்தால் கடன் வாங்கியவன் முன்னால் நிற்பான். காட்டப்பட்ட ஒன் மார்க் இரண்டு இடத்தில் வேலை செய்கிறது, கூட்டலில் ஒரு முறை, சமனை முறிப்பதில் இன்னொரு முறை.

'எங்கேயோ இருக்கிற யாரோ' என்று அந்த இருவரையும் ஒதுக்கிவிடத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. சேர்க்கை நடக்கும் விதத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. இடங்கள் இனவாரியாகப் பிரிக்கப்படுகின்றன: பொதுப்பிரிவு 31 சதவீதம், பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, எஸ்.சி. அருந்ததியர் 3, எஸ்.டி. 1. இந்த அளவு கட்ஆஃப் வைத்திருப்பவர்களில் பலர் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய கல்லூரிகளைத்தான் முதலில் போடுவார்கள். அப்படியானால் என் நண்பனுக்கு ஓர் இடம் கூடுதலாகக் கிடைத்து அதனால் ஒருவர் கீழே தள்ளப்பட்டால், அந்த ஒருவர் யார்? ஏறக்குறைய அதே கட்ஆஃப், பல நேரம் அதே பிரிவு, அதே மாவட்டம், அதே பேருந்துத் தடம். நாங்கள் உட்கார்ந்து எழுதுகிற அறையிலேயே மூன்றாவது பெஞ்சில் இருக்கிறவராக இருக்க நிறைய வாய்ப்பு. பட்டியலில் முகம் தெரியாது என்பதால்தான் அவரை 'யாரோ' என்கிறோம்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை, அவற்றில் ஒன்று உண்மையிலேயே கனமானது. என் நண்பன் அதைச் சொல்லவும் செய்தான். "அவங்கெல்லாம் பதினொண்ணாவதுலயே பன்னெண்டாவது பாடத்தை முடிச்சிட்டு, தினம் ஒரு டெஸ்ட் எழுதறாங்க. எனக்கு டியூஷனும் இல்ல, வீட்ல உக்காந்து படிக்க இடமும் இல்ல. அவங்க வாங்கறது மட்டும் நியாயமான மார்க்கா?" இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. இன்றைக்கும், அவன் சொன்ன நிலைமை பொய் என்று சொல்ல மாட்டேன். பந்தயத்தின் தொடக்கக்கோடு எல்லோருக்கும் ஒரே இடத்தில் இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டதால்தான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது, மருத்துவத்துக்கு 2020-இல், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021-இல்.

ஆனால் பிறகு யோசித்தபோது அந்த வாதத்தில் ஓர் ஓட்டை தெரிந்தது. நான் காட்டியிருந்தால் அது டியூஷன் இல்லாதவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. எனக்குப் பின்னால் உட்காருகிறவனுக்கு மட்டும்தான் போயிருக்கும். டியூஷன் இல்லாத, இடமும் இல்லாத, பக்கத்தில் படிக்கிற நண்பனும் இல்லாத ஒருவருக்கு அதனால் ஒரு மதிப்பெண்கூட வராது, அவர் இன்னும் ஓர் இடம் கீழேதான் போவார். ஒதுக்கீடு என்பது நிலைமையைப் பார்த்துக் கொடுப்பது. காட்டுவது என்பது பதிவெண்ணைப் பார்த்துக் கொடுப்பது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியவில்லை.

இந்த நியாயக் கணக்கு எங்கே நிற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்ஆஃபுக்காகக் கேட்கிறவனுக்கும் தேர்ச்சிக்காகக் கேட்கிறவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. 35-ஐத் தொடுவதற்காக ஒருவன் கேட்டால், அவன் தேறுவதால் வேறு யாரும் தோற்பதில்லை. தேர்ச்சிக்கு இத்தனை பேர்தான் என்று எண்ணிக்கை வரம்பு இல்லை. அங்கே போய் 'இன்னொருவர் இடம் போகும்' என்று சொன்னால் அது வாயில் வந்ததைச் சொல்வது. என் நண்பன் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தான். சில ரிவிஷன் தேர்வுகளில் முப்பதுகளில் நின்றவன், ஆனால் பொறியியல்தான் படிக்க வேண்டும் என்று இருந்தவன்.

அந்த நடு நிலைமையில் நான் பார்த்தது அடுத்த படியை. பொறியியலில் சேர வெறும் தேர்ச்சி போதாது. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றின் சராசரி பொதுப்பிரிவினருக்கு 45 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் வேண்டும். சேர்ந்துவிட்டால் முதல் பருவத்திலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' காத்திருந்தது. பெயரைப் பார்த்தாலே தெரியும், பிளஸ் டூவின் அணிகளும் வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஓடுகிற பாடம். அந்தப் பாடத்திட்டத்தில் வினாத்தாள் 10 இரண்டு மதிப்பெண் வினாக்கள், 5 பதின்மூன்று மதிப்பெண் வினாக்கள், ஒரு பதினைந்து. விரல் காட்டி வாங்க ஒன்றும் கிடையாது. பள்ளியில் கடன் வாங்கிய மதிப்பெண் கல்லூரியில் அரியராக வந்து நிற்கும், அப்போது முன்னால் உட்கார நான் இருக்க மாட்டேன். இதை நியாயம் என்ற பெயரில் நான் சொல்லவில்லை. இது அவனைப் பற்றிய கவலைதான், அவன் இதை அப்படிக் கேட்டுக்கொள்ள மாட்டான் என்றும் தெரியும்.

இனி மறுப்பது எப்படி என்பது. மறுக்கும் நாள் மிக முக்கியம். கேட்ட அன்றே சொல்ல வேண்டும். 'பாக்கலாம்டா' என்பது நம் ஊரில் பாதி சம்மதம். அதை நம்பி ஒருவன் ஒன் மார்க் படிப்பதை நிறுத்திவிடுவான், தேர்வு அறையில் நாம் தலையைத் திருப்பிக்கொண்டால் அதுதான் உண்மையான துரோகம். ஹால் டிக்கெட் வந்த நாளுக்கும் கணிதத் தேர்வுக்கும் நடுவில் இருக்கிற நாட்கள்தான் அவனுக்கு மிச்சமுள்ள வாய்ப்பு. அதைத் தெளிவில்லாத பதிலால் நாம் தின்றுவிடக் கூடாது.

காரணம் சொல்வதிலும் கவனம் வேண்டும். 'ஸ்குவாட் வந்தா மாட்டிப்போம்' என்றால் 'வராதுடா' என்பான். 'எனக்கே சரியா தெரியாது' என்றால் 'தெரிஞ்சதை மட்டும் காட்டு' என்பான். 'வீட்ல திட்டுவாங்க' என்றால் சிரிப்பான். பொய்க் காரணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்வு இருக்கும், அவன் அதைக் கண்டுபிடித்துக்கொண்டு திரும்பி வருவான். நான் சொன்னது: "காட்ட மாட்டேன்டா. மாட்டிப்போம்னு இல்ல, காட்டறதே எனக்குப் பிடிக்கல. ஆனா இன்னும் நாள் இருக்கு, ஒன் மார்க்கை உன்னோட உக்காந்து முடிக்கறேன்." முதல் வாக்கியத்துக்கும் கடைசி வாக்கியத்துக்கும் இடையில் 'நீ படிச்சிருந்தா' என்ற பேச்சு வரவே கூடாது. அது வந்துவிட்டால் மறுப்பு அறிவுரையாகிவிடும், அறிவுரையை நண்பனிடமிருந்து யாரும் வாங்கிக்கொள்வதில்லை.

தேர்வு அறைக்குள் செய்ய வேண்டியது குறைவு. முன்னால் இருப்பவன் விடைத்தாளை உடம்புக்கு நேராக வைத்து எழுதினாலே போதும், பின்னால் தெரியாது. மறைப்பதுபோல் கையை வளைத்து வைப்பது கண்காணிப்பாளரின் கண்ணைத்தான் இழுக்கும். ஒன் மார்க்கை முதலில் எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவது எப்படியும் நல்ல பழக்கம். பத்து மணிக்கு வினாத்தாள் வாசிக்கப் பத்து நிமிடம், முகப்புத்தாள் விவரம் சரிபார்க்க ஐந்து நிமிடம், 10.15-க்கு எழுதத் தொடங்கி 1.15 வரை. இதில் ஒன் மார்க்குக்கு 25 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 20, மூன்றுக்கு 35, ஐந்து மதிப்பெண் ஒன்றுக்குப் பதினொன்று வீதம் 77 என்று போட்டால் 157 நிமிடம் போய்விடும். மிச்சம் இருபத்து சொச்சம் நிமிடம்தான், அதுவும் சரிபார்க்க. பின்னாலிருந்து பேனாவால் தட்டினால், ஒரு தடவை லேசாகத் தலையாட்டிவிட்டு எழுதுவதைத் தொடர்வதுதான் வழி. அவனை மாட்டிவிடும்படி திரும்பிப் பார்க்கவும் வேண்டாம், கண்காணிப்பாளரிடம் புகார் சொல்லவும் வேண்டாம். நான் மறுத்தது என் விடையைத்தான். அவனைப் பிடித்துக்கொடுக்கும் வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். இதில் வேறு கருத்துள்ளவர்கள் இருப்பார்கள்.

மறுத்ததோடு விட்டிருந்தால் என் நியாயம் மலிவானதாகப் போயிருக்கும். அதனால் உட்கார்ந்து படித்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிளஸ் டூ கணிதத்தில் ஒன் மார்க் என்பது கடைசி நாட்களிலும் உண்மையாகவே பிடிக்கக்கூடிய பகுதி. பாடநூலில் 12 இயல்கள். ஒவ்வொன்றின் கடைசியிலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சி இருக்கிறது, எல்லாம் சேர்த்துச் சுமார் 250 வினாக்கள். இருபதில் கணிசமான பங்கு இந்த 'புக் பேக்' வினாக்களிலிருந்தே வரும், மிச்சம் பாடத்துக்குள்ளிருந்து எடுக்கப்படும் 'கிரியேட்டிவ்'. ஒரு நாளைக்கு இரண்டு இயல் என்று எடுத்தால் ஆறு நாளில் ஒரு சுற்று முடியும்.

எல்லோரும் செய்கிற தப்பு, விடையின் எண்ணை மனப்பாடம் செய்வது. 'அணிகள்ல முதல் கேள்விக்கு ரெண்டு' என்று படிப்பார்கள். வினாத்தாளில் விருப்பங்களின் வரிசை மாறிவிட்டாலே அது போச்சு. அடுத்த படி, விடையையே மனப்பாடம் செய்வது. எண்ணை மாற்றிக் கேட்டால் அதுவும் போச்சு. அணிகள் இயலில் |adj(adj A)| = |A|⁹ என்றால் A-யின் வரிசை என்ன என்று ஒரு வினா. விடை 4 என்று படித்தவன், |A|⁴ என்று மாற்றிக் கேட்டாலும் 4 என்றே எழுதுவான். |adj(adj A)| = |A|^((n−1)²) என்ற ஒரு வரியைத் தெரிந்துகொண்டால், (n−1)² = 9 என்றால் n = 4, (n−1)² = 4 என்றால் n = 3, இரண்டுமே அரை நிமிட வேலை. கலப்பு எண்களில் iⁿ + iⁿ⁺¹ + iⁿ⁺² + iⁿ⁺³ என்பது பூச்சியம். i-யின் அடுத்தடுத்த நான்கு அடுக்குகளைக் கூட்டினால் எப்போதும் பூச்சியம்தான் என்று புரிந்தவனுக்கு, அதையே பதின்மூன்று உறுப்புகளாக நீட்டிக் கேட்டாலும் மூன்று நான்குகளைத் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் பார்க்கத் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு வினாவுக்கும் விடையை மறைத்துவிட்டு 'ஏன்' என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். எழுத முடிந்தவை ஒரு பக்கம், முடியாதவை நட்சத்திரக் குறியோடு இன்னொரு பக்கம். இரண்டாம் சுற்றில் நட்சத்திரம் மட்டும். ஓர் இயலில் நட்சத்திரம் பாதிக்கு மேல் போனால் அந்த இயலை அப்படியே விட்டுவிட வேண்டும், கடைசி நாட்களில் அதில் மல்லுக்கட்டுவது வீண். அவனுக்கு அப்படி விட வேண்டியிருந்தது நேர்மாறு முக்கோணவியலையும் இருபரிமாண பகுமுறை வடிவியலையும். தனிநிலைக் கணிதமோ யாரும் பயப்படத் தேவையில்லாத இயல், மெய்மை அட்டவணை போடத் தெரிந்தால் ஐந்து மதிப்பெண்ணே கிடைக்கலாம். அணிகளில் கிராமரின் விதியோ காஸ் நீக்கல் முறையோ ஒன்றை உருப்படியாகப் பழகினால் இன்னொரு ஐந்து. கடைசி விடை தப்பினாலும் படிநிலைகளுக்கு மதிப்பெண் உண்டு என்பதை அவன் அதுவரை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பாதியில் சிக்கினால் முழுவதையும் அடித்துவிடுவான். அடிக்காதே என்று சொன்னதுதான் அந்த நாட்களில் நான் சொன்னவற்றிலேயே அதிகம் பயன்பட்டிருக்கும்.

முழுக்கத் தெரியாத ஒன் மார்க்குக்கும் ஏதாவது ஒரு விடையை எழுதிவைக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். குறைப்பு இல்லாத தேர்வில் வெற்றிடம் விடுவது மதிப்பெண்ணைக் கையால் தள்ளுவது.

இவ்வளவுக்குப் பிறகும் அவன் கோபம் போகவில்லை. கூட உட்கார்ந்து படித்தான், ஆனால் கோபத்தோடுதான். தேர்வு நாளில் பேசவில்லை. இதை மறைத்து, உதவி செய்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். மறுக்கிறவர் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். கேட்டவனின் பார்வையில் நாம் கொடுத்தது அவன் கேட்காதது, கேட்டதைக் கொடுக்கவில்லை. அதற்கு அவன் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் அதிகப்பிரசங்கித்தனம். அந்த நேரத்தில் செய்யக்கூடாத ஒன்று, தேர்வு முடிந்த மாலையில் விடைகளை ஒப்பிட அழைப்பது. அடுத்துப் பாடங்கள் இருக்கும்போது ஒன் மார்க்கில் எத்தனை போச்சு என்று எண்ணுவது யாருக்கும் உதவாது, நமக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கிற புண்ணை மட்டும் நோண்டும்.

மதிப்பெண் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தாலோ தவறிவிட்டாலோ என்ன வழி என்பதை நண்பன் என்ற முறையில் நாம் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கலாம், ஏனென்றால் முடிவு வந்த நாளில் அவன் வீட்டில் யாரும் நிதானமாக இருக்க மாட்டார்கள். விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். அது வந்த பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். கூட்டலில் விட்டுப்போன மதிப்பெண்ணும் திருத்தாமல் விட்ட பக்கமும் நகலைப் பார்த்தால்தான் தெரியும். தவறியவர்களுக்கு அதே ஆண்டு துணைத் தேர்வு நடக்கிறது, அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் உண்டு. 'ஒரு வருஷம் போச்சு' என்ற அந்தப் பயம்தான் பலரைப் பின்பெஞ்சிலிருந்து பேனாவால் தட்ட வைக்கிறது. அது அவ்வளவு உண்மை இல்லை என்பதை ஹால் டிக்கெட் வருகிற வாரத்திலேயே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால், என் நண்பன் என்னிடம் கேட்டிருப்பானா என்பது சந்தேகம்தான்.

அவன் தேறினான். கட்ஆஃப் அவன் ஆசைப்பட்ட கல்லூரிக்குப் போதவில்லை. மீண்டும் பேச ஆரம்பித்தது விருப்பப் பட்டியல் போடும் நாட்களில், அதுவும் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்ததால்: கிடைக்காது என்று தெரிகிற கல்லூரியை மேலே போட்டால் கீழே இருப்பது போய்விடுமா என்று. போகாது. பட்டியலில் மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, அவன் தரவரிசைக்குக் கிடைக்கக்கூடியதில் மிக மேலே இருப்பதைத்தான் ஒதுக்குவார்கள், ஆகவே ஆசை வரிசையிலேயே போடலாம். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுக்கொண்டு சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே நகரக் காத்திருப்பதா என்று குறித்த நேரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும், மறந்தால் இடம் போய்விடும். அவன் ஏற்றுக்கொண்டு காத்திருப்பதைத் தேர்ந்தெடுத்தான். ஒன் மார்க்கைப் பற்றி நாங்கள் இருவரும் அதன்பிறகு பேசவில்லை. என் முடிவு சரிதான் என்று அவன் நினைக்கிறானா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கப்போவதும் இல்லை.